கணக்குப் படம்

காங்கேசன்துறையில் கிளம்பிய கப்பல் நடுக்கடலுக்கு வந்ததும் ஆடத் தொடங்கியது. போனில் சிக்னல் போய்விட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா மட்டும் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஐயாவுக்குத் துறையூர்ப் பக்கம் தெரியுங்களா?"

நல்ல ஆளிடம்தான் கேட்டார். நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். முசிறி, துறையூர் வட்டாரத்தில் சங்கிலி இழுத்தே பாதி ஆயுள் போயிற்று.

அவருக்கு ஊர் இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூட டீச்சர். தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர் என்பது மட்டும் தெரியும், ஊர்ப் பேர் தெரியாது. "எங்க தோட்டத்துல பெரியவங்க எல்லாம் அப்படித்தாங்க சொல்லுவாங்க. துறையூர்ப் பக்கம், நாமக்கல் பக்கம். பக்கத்துக்குள்ள எந்த ஊருன்னு கேக்கணும்னு எங்களுக்குத் தோணல." 1948இல் தோட்டத் தமிழர்களுக்குக் குடியுரிமை போனது, 64இல் அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பச் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். தாத்தா ஏறவில்லை. அதற்கு முன்பே கடிதப் போக்குவரத்து நின்றிருந்தது. ஏன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

உறைக்குள் இருந்தது ஒரே ஒரு படம்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு கிணறு. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டுகிற கிணறு, இரட்டைக் கவலை. கிணற்றுக்கு இடப்பக்கம், படத்தின் ஓரத்தில், ஒரு ஆள், ஒரு பெண், டவுசர் போட்ட ஒரு பையன். ஆளுக்குத் தோள்பட்டை பாதி வெட்டுப்பட்டிருந்தது. பின்னால் நீளமாக ஒரு மலை. வலது மூலையில் சாலையோரத்து மைல்கல். 'துறை' வரைக்கும் எழுத்து தெரிந்தது, கீழே 5.

"இவங்க யாருன்னுதான் தெரியல" என்றார் டீச்சர். "தாத்தாவோட தம்பி குடும்பமா இருக்கும்னு அப்பா சொல்வாரு."

எனக்கு வேறொன்று உறுத்தியது. குடும்பப் படம் எடுப்பவன் ஆட்களை நடுவில் நிறுத்துவான். இதில் நடுவில் கிணறு உட்கார்ந்திருக்கிறது, ஆட்கள் சாட்சிக்கு நிற்கிற மாதிரி ஓரத்தில் நிற்கிறார்கள். படத்தைத் திருப்பினேன். பென்சில் எழுத்து, பெரும்பகுதி அழிந்துவிட்டது. சாய்த்துப் பிடித்தால் கடைசி வரி மட்டும் தெரிந்தது: 'ஆக மொத்தம் 412-8-0.'

"டீச்சரம்மா, இது குடும்பப் படம் இல்லை. ரசீது."

அவர் புரியாமல் பார்த்தார்.

"உங்க தாத்தா அங்கிருந்து பணம் அனுப்பியிருக்கார். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியிருக்காங்க. வெட்டியாச்சு, பார்த்துக்கோன்னு படம் பிடிச்சுக் கணக்கோட அனுப்பியிருக்காங்க. ரூபாய், அணா, பை. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதனால இது அதுக்கு முன்னாடி, இல்லேன்னா அதை ஒட்டி."

டீச்சர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டத்துச் சம்பளத்துல நானூறு ரூவாயா?" என்றார். கேள்வி என்னிடம் இல்லை.

நாகப்பட்டினம் வருவதற்குள் ஊரைப் பாதி பிடித்துவிட்டோம். துறையூரிலிருந்து ஐந்து மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். துறையூரிலிருந்து திருச்சிக்கும் முசிறிக்கும் போகிற சாலைகள் தெற்கே இறங்குபவை. அங்கே ஐந்தாம் மைலில் நின்றால் மலை இவ்வளவு பெரிதாகத் தெரியாது. உப்பிலியபுரம் போகும் சாலை என்றால் பச்சைமலை பக்கத்திலேயே வரும். மலையின் உச்சி வரியில் ஒரு பள்ளம் இருந்தது. அது எந்த இடத்திலிருந்து பார்த்தால் கிணற்றுக்கு நேர் மேலே வருகிறது என்று நடந்து பார்த்தால் போதும். இதற்குப் பெரிய அறிவு வேண்டாம். கால் வேண்டும்.

அடுத்த வாரம் துறையூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். எட்டாவது கிலோமீட்டரில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கினோம். பழைய மைல்கல் எல்லாம் சாலை அகலப்படுத்தியபோதே போயிருக்கும், அதை நான் தேடவில்லை. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மலைப் பள்ளத்தைப் பார்த்தபடி நடந்தேன். டீச்சர் பின்னாலேயே வந்தார். ஒரு சோளக்காட்டு வரப்பில் பள்ளம் சரியாக வந்து நின்றது. கிணறு இல்லை. முள் மண்டிய ஒரு பெரிய குழிதான் இருந்தது, பக்கத்தில் ஒரு போர்வெல்.

கிராம நிர்வாக அலுவலர் இளைஞர், நல்ல மாதிரி. புல வரைபடத்தை எடுத்துக் காட்டினார். அந்தப் புலத்தில் சின்ன வட்டமாகக் கிணறு குறித்திருந்தது. பட்டா, நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் காலத்திலிருந்து ஒரே ஆள் பெயரில் இருந்தது. "பெரியவர் வீட்டிலதான் இருப்பார், போய்ப் பாருங்க" என்றார்.

பெரியவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"தெரியலையே. எந்த ஊருங்க நீங்க?"

"தலவாக்கலைங்க. சிலோன்" என்றார் டீச்சர்.

பெரியவர் முகம் மாறிவிட்டது. உள்ளே இருந்து மருமகள் எட்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எவரும் உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அந்த அமைதி பழக்கமானது. சங்கிலியோடு ஒரு ஊருக்குள் நுழையும்போது வருவது. பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பங்கு கேட்டு வந்திருக்காங்களா? நீங்க வக்கீலா?"

"இல்லைங்க. கப்பல்ல பக்கத்து சீட்டு."

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

டீச்சருக்குக் காது நல்ல கூர்மை. "எனக்கு நிலமெல்லாம் வேணாங்க" என்றார் திண்ணைக்குக் கீழே நின்றபடி. "இந்தப் படத்துல இருக்கிறது யாருன்னு தெரிஞ்சா போதும். தாத்தா நானூத்திப் பன்னெண்டு ரூவா எட்டணா அனுப்பியிருக்காரு. அவரு இந்தக் கெணத்தைப் பாக்காமலே செத்துட்டாரு."

"நானூத்திப் பன்னெண்டா?" பெரியவர் திண்ணையிலிருந்து இறங்கிவிட்டார். "யாரு சொன்னது? மொத்தச் செலவு நானூத்திப் பன்னெண்டு. பெரியப்பா அனுப்புனது முந்நூறு! மீதிக்கு எங்கப்பா வட்டிக்கு வாங்குனாரு. அதை அடைச்சது யாரு? நான்! பதினஞ்சு வயசுல பண்ணைக்கு நின்னு அடைச்சேன். கடைசிக் கடுதாசியில மீதியைக் கேட்டு எழுதினதுக்கு அந்த மனுசன் பதிலே போடல, தெரியுமா?"

திண்ணையைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்போ டவுசர் போட்டிருக்கிறது நீங்கதானா?" என்றார் டீச்சர்.

"பின்ன யாரு?"

"பதில் போடலைன்னா, அவருக்கு அங்க என்ன நெலமைன்னு யாராவது விசாரிச்சீங்களா? அந்த வருசம் எங்க பாட்டி பிரசவத்துல செத்துட்டாங்க சித்தப்பா. நாலு புள்ளைங்க. எங்கப்பாதான் மூத்தவரு, அவருக்கே பத்து வயசு. இதெல்லாம் யாரு பாத்தது?"

"அதை ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வரி கேட்டிருக்கலாம்ல? பணம் எங்கன்னுதானே கேட்டிருக்கீங்க!"

"அவரு மூத்தவரு. அவருதான் எழுதணும்."

மருமகள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து டீச்சர் பக்கத்தில் போட்டார். டீச்சர் உட்கார்ந்துகொண்டே பேசினார். பெரியவர் பேத்தியை விட்டு உள்ளே டிரங்குப் பெட்டியில் இருக்கிற வட்டிச் சீட்டை எடுத்து வரச் சொன்னார். அது எந்த வருஷத்துச் சீட்டு, யாரிடம் வாங்கியது, எவ்வளவு வட்டி என்று கணக்கு ஆரம்பத்திலிருந்து தொடங்கியது.

எனக்கு ஐந்தரைக்குத் துறையூரில் பஸ். நான் கிளம்புகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் காதில் விழவில்லை.