வரவுசெலவுத் திட்ட விளக்கம்: திருகோணமலை மாவட்டச் சமூகக் கண் பரிசோதனைத் திட்டம், 2027

நிதியத்திடம் கோரும் தொகை: 19,715,500 ரூபா. மருத்துவமனையின் சொந்தப் பங்கு: 1,888,000 ரூபா. மொத்தம்: 21,603,500 ரூபா.

| விடயம் | ரூபா |
|---|---|
| ஊழியர் சம்பளம், சேமலாப நிதி | 5,313,000 |
| கருவிகள் | 3,260,000 |
| மூக்குக் கண்ணாடி, முகாம் பாவனைப் பொருட்கள் | 2,830,000 |
| கண்புரைச் சத்திரசிகிச்சைப் பொருட்கள் | 4,950,000 |
| பயணம், நோயாளர் போக்குவரத்து, உணவு | 3,820,000 |
| ஊர் அறிவிப்பு, தொண்டர் பயிற்சி | 640,000 |
| தொலைபேசி, கணக்காய்வு | 380,000 |
| இறக்குமதிப் பொருட்களுக்கான விலை மாற்ற ஒதுக்கு | 410,500 |

குச்சவெளி, தம்பலகாமம், மூதூர், வெருகல் ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளில் பிரிவுக்குப் பத்தாக 40 முகாம்கள் நடத்துவோம். முகாமுக்கு 100 பேர் வீதம் 4,000 பேரைப் பரிசோதிப்பது இலக்கு. அவர்களில் 600 பேரை மேலதிகப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்கு அழைக்க வேண்டிவரும் என்றும், 300 பேருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்வோம் என்றும் கணித்தே எல்லாத் தொகைகளையும் இட்டுள்ளோம்.

பயணமும் நோயாளர் போக்குவரத்தும் (3,820,000)

அட்டவணையில் நடுவே கிடக்கும் இந்த வரியை முதலில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. மதிப்பீட்டாளர்களின் பேனா முதலில் வெட்டத் தேடும் வரி இதுதான். எமது அனுபவத்தில் இத்திட்டம் நிற்பதும் விழுவதும் இதிலேதான்.

முன்னர் நாம் நடத்திய முகாம்களில் கண்ணைப் பார்த்தோம், புரை முற்றியிருக்கிறது என்று துண்டு எழுதிக் கொடுத்தோம், இன்ன திகதிக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். தலையாட்டிப் போனவர்களில் பலர் வரவேயில்லை. வெருகல் பக்கத்தில் ஓர் அம்மாவை மாதங்கள் கழித்து வீட்டில் போய்ப் பார்த்தோம். துண்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூரைச் சிலாகையில் செருகிப் பத்திரமாக வைத்திருந்தார். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, பஸ் மாறி மாறித் தனியே வரக் கண் தெரியாது, கூட வரச் சொன்னால் மகனுக்கு ஒருநாள் கூலி போய்விடும். "கண் தெரியாத என்னைக் கண் காட்ட வரச் சொன்னால் எப்படித் தம்பி வருவது?" என்று கேட்டார். எமக்குப் பதில் இருக்கவில்லை. பிழை அவருடையதல்ல, எமது திட்டமிடலுடையது. இந்த முறை அந்தக் கேள்விக்கான பதிலைக் காசாக எழுதியிருக்கிறோம்.

நோயாளர் 12 பேர், கூட வருபவர் 12 பேர் என ஒரு குழு. 300 பேருக்கு 25 குழுக்கள். ஒரு குழுவுக்கு வாகனம் நான்கு நாட்கள் தேவை: ஊரிலிருந்து ஏற்றிவர ஒருநாள், மறுநாள் கட்டவிழ்த்துக் கண்ணைப் பார்த்தபின் வீட்டில் விட ஒருநாள், ஒரு வாரத்தின் பின் ஒருநாள், ஆறாவது வாரத்தில் இறுதிப் பார்வை அளவுக்கு ஒருநாள். 28 இருக்கை கொண்ட சிறிய பஸ்ஸின் நாள் வாடகை எரிபொருளும் சாரதியும் சேர்த்து 22,000 ரூபா. 100 நாட்களுக்கு 2,200,000 ரூபா.

ஆறாவது வாரப் பயணத்தை ஏன் வெட்ட முடியாது என்று கேட்கப்படலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் சொட்டுமருந்து ஒழுங்காக விடப்பட வேண்டும். காயம் ஆறிய பிறகுதான் கண்ணாடி அளவு நிலைக்கும். அந்த அளவைப் பார்க்காமல் விட்டால், நல்ல சத்திரசிகிச்சை நடந்த கண்ணும் மங்கலாகவே இருந்துவிடும். அப்படி ஒருவர் ஊரில் இருந்தால் அடுத்த பத்துப் பேர் வரமாட்டார்கள்.

நோயாளருக்கும் கூட வருபவருக்கும் தங்கும் நாட்களின் உணவுக்கு ஆளுக்கு 1,500 ரூபா வீதம் 900,000 ரூபா. கட்டில் வாடகை இல்லை. சத்திரசிகிச்சை தேவைப்படாத, ஆனால் விழித்திரை அல்லது கண் அழுத்தம் பற்றிய சந்தேகத்தில் வரவழைக்கும் மற்ற 300 பேருக்கும் துணைக்கும் சேர்த்துப் பஸ் கட்டணம் 1,000 ரூபா வீதம் 300,000 ரூபா.

கூலி இழப்புக்குப் பணம் கொடுப்பதைப் பற்றியும் பேசினோம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். காசு கையில் வரும் என்பதற்காக ஒருவர் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கும் நிலை வரக்கூடாது. பதிலாக, கூலி குறைவாக இழக்கும் நாட்களைத் தேர்ந்தோம். பெரும்போக அறுவடையும் நோன்பு மாதமும் முடிந்து, மார்ச் நடுப்பகுதியில் முகாம்கள் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதியில் முடியும். வடகீழ்ப் பருவமழையில் மகாவலியும் வெருகல் ஆறும் பெருகினால் ஊர்கள் துண்டிக்கப்படும் என்பதால் நவம்பர், டிசம்பரில் புதிய முகாம் இல்லை. எஞ்சிய சத்திரசிகிச்சைகளும் மீள்பரிசோதனைகளும் மட்டும், பாதை திறந்திருக்கும் நாட்களில் நடக்கும். கடற்கரை ஊர்களில் முகாம் காலை பத்து மணிக்குப் பிறகே தொடங்கும். அப்போதுதான் தோணிகள் கரைக்கு வந்து மீன் விற்று முடிந்திருக்கும்.

முகாம் வாகனம் மருத்துவமனையுடையது. போய்வரச் சராசரி 120 கிலோமீற்றர், 40 பயணம், லீற்றருக்கு 8 கிலோமீற்றர் என 600 லீற்றர் டீசல். லீற்றர் 300 ரூபாவாகக் கணித்து 180,000 ரூபா. பராமரிப்பு, காப்புறுதிக்கான 240,000 ரூபா எமது பங்கு.

சத்திரசிகிச்சைப் பொருட்கள் (4,950,000)

ஒருவருக்கு 16,500 ரூபா வீதம் 300 பேருக்கு. கண்வில்லை, கண்ணுக்குள் செலுத்தும் பாகுத் திரவம், கத்தி, மரப்பு மருந்து, ஆறு வாரச் சொட்டுமருந்து, கருப்புக் கண்ணாடி எல்லாம் இதில் அடக்கம். சிறு கீறல் முறையையும் மடியாத வில்லையையும் தேர்ந்திருக்கிறோம். புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ முறை நல்லதுதான், ஆனால் அதற்குரிய இயந்திரமும் மடியும் வில்லையும் செலவு கூடியவை. எம்மிடம் வருபவர்களின் புரை பெரும்பாலும் முற்றிக் கல்லாகிப் போனது. அத்தகைய கண்ணுக்கு அனுபவமுள்ள நிபுணர் கையில் சிறு கீறல் முறை நல்ல பலன் தருகிறது, பெரும்பாலும் தையலும் தேவையில்லை.

முகாம் இடத்தில் எந்தச் சத்திரசிகிச்சையும் செய்யமாட்டோம். பாடசாலை மண்டபத்தைச் சத்திரசிகிச்சைக் கூடமாக்கினால் வாகன வாடகை மிச்சமாகும். கிருமித் தொற்றினால் ஒரு கண் போனால் அதை எந்தக் காசாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

நிபுணரின் கொடுப்பனவு, சத்திரசிகிச்சைக் கூடம், நுணுக்குக்காட்டி, விடுதி, மின்சாரம் ஆகியவற்றுக்கு இந்த நிதியத்திடம் எதுவும் கேட்கவில்லை. அவை ஏற்கெனவே இயங்குகின்றன. எமது பங்குத் தொகையிலும் அவற்றைச் சேர்க்கவில்லை.

ஊழியர் (5,313,000)

பார்வை அளவெடுக்கும் ஒப்டோமெற்றிஸ்ட் ஒருவர் (மாதம் 110,000), தாதி ஒருவர் (85,000), களத் தொடர்பாளர் இருவர் (தலைக்கு 65,000), சாரதி ஒருவர் (60,000). பன்னிரண்டு மாதத்துக்கு 4,620,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை வழங்குநர் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், ஆக 693,000 ரூபா. சாரதியின் செலவு 828,000 ரூபாவை மருத்துவமனை ஏற்கிறது.

களத் தொடர்பாளர்களில் குறைந்தது ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் சிங்களமும் பேசுபவராகவும் இருக்க வேண்டும் என்பது எமது நிபந்தனை. மூதூரிலும் புல்மோட்டையிலும் வயது வந்த பெண்கள் வீட்டு வாசலில் இன்னொரு பெண்ணிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். கண் தெரியவில்லை என்பதைச் சொல்லாமல், "வயது போனால் இப்படித்தான்" என்று மூலையில் இருந்துவிடுபவர்களும் அவர்களில் அதிகம். இந்த இருவரும் முகாமுக்கு முன் வீடு வீடாகப் போவார்கள். அதைவிட முக்கியமாக, முகாமுக்குப் பின் வராதவர்களைத் தேடிப் போவார்கள். முன்னைய முகாம்களில் எம்மிடம் இல்லாமற்போனது இந்தப் பதவிதான்.

கருவிகள் (3,260,000)

கையடக்க விழித்திரைக் கமரா 1,850,000. கருவிகளில் மிக விலை கூடியது இது. நீரிழிவினால் விழித்திரை கெடும்போது தொடக்கத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பார்வை மங்கும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். கமரா இருந்தால் படத்தை முகாமிலேயே எடுத்து, மாலையில் நிபுணர் மருத்துவமனையில் இருந்தபடி பார்த்துவிடலாம். மேசையில் பூட்டும் பெரிய கமராவின் படம் இன்னும் தெளிவானது, ஆனால் அதை மண் பாதையில் ஏற்றி இறக்கி ஓராண்டு காப்பாற்ற முடியாது. புரையும் சிறுத்த கண்மணியும் உள்ள முதியவர்களுக்குக் கையடக்கக் கமராவிலும் சொட்டுமருந்து விட்டே படம் எடுக்க வேண்டிவரும். மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை கூசும் என்பதால் அவர்களை வீட்டில் விட எமது வாகனம் நிற்கும்.

மரப்பு மருந்தில்லாமல் அளக்கும் கண் அழுத்தமானி 950,000. கண் அழுத்த நோய் வலியில்லாமல் பார்வையைத் தின்னும், தின்றது திரும்பாது. ரெட்டினோஸ்கோப், ஒஃப்தல்மோஸ்கோப் 180,000. சோதனை வில்லைப் பெட்டியும் சட்டமும் 120,000. பதிவுக்கான இரண்டு டப்லெட் 130,000. பார்வை அட்டைகள் 30,000. எழுத்தறியாதவர்களுக்கும் எந்த மொழி பேசுபவருக்கும் பொதுவாகப் பயன்படும், கை காட்டிப் பதில் சொல்லும் அட்டைகளும் இதில் அடங்கும். மூன்று விலைமனுக்கள் பெற்று, வரி உட்பட்ட விலையையே எழுதியுள்ளோம். திட்டம் முடிந்ததும் கருவிகள் மருத்துவமனையின் கண் பிரிவிலேயே பயன்பாட்டில் இருக்கும்.

கண்ணாடியும் பாவனைப் பொருட்களும் (2,830,000)

வெள்ளெழுத்துக்கான ஆயத்தக் கண்ணாடி 650, தலா 1,200 ரூபா: 780,000. அளவெடுத்துச் செய்விக்கும் கண்ணாடி 350, தலா 3,800 ரூபா: 1,330,000. கண்ணாடி சிறிய விடயமாகத் தெரியலாம். வலை பொத்துபவருக்கும் தையல்காரிக்கும் அரிசியில் கல் பொறுக்கும் பாட்டிக்கும் நாற்பது வயதுக்குப் பின் முதலில் பறிபோவது கிட்டப் பார்வைதான், அதை அதே நாளில் முகாமிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

முகாமுக்கு 18,000 ரூபா வீதம் 720,000. இதில் பெரும்பகுதி கண் அழுத்தமானியின் ஒருமுறை மட்டும் பாவிக்கும் முனைகளுக்கு. எல்லோருக்கும் அளந்தால் செலவு கட்டாது. ஆகவே குடும்பத்தில் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், பார்வை நரம்பில் சந்தேகம் உள்ளவர்கள் என முகாமுக்கு 40 பேரளவில் அளப்போம்.

ஏனையவை

துண்டுப் பிரசுரம், ஒலிபெருக்கி ஓட்டோ, மண்டபம் ஆகியவற்றுக்கு முகாமுக்கு 12,000 ரூபா. தொண்டர் 40 பேருக்கு இரண்டுநாள் பயிற்சிக்கு 160,000. தொலைபேசிக்கு மாதம் 15,000. மூன்றும் எமது பங்கு. வெளியார் கணக்காய்வுக்கு 200,000 ரூபா கோருகிறோம்.

விலை மாற்ற ஒதுக்கை மொத்தத் தொகைக்கு அல்லாமல், கருவிகளுக்கும் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கும் மட்டும் 5 வீதமாக இட்டுள்ளோம். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது வில்லைக்காகக் காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பியது எமக்கு மறக்கவில்லை. தேவைப்படாவிட்டால் அந்தத் தொகை இறுதிக் கணக்குடன் நிதியத்துக்குத் திரும்பும்.

கோரிய தொகை முழுவதையும் வழங்க இயலாவிட்டால், ஒரு பிரதேசப் பிரிவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி 30 முகாம்களாகக் குறைக்க உடன்படுவோம். போக்குவரத்து, மீள்பரிசோதனை, களத் தொடர்பாளர் ஆகிய மூன்றையும் குறைத்து 40 முகாம்களையும் நடத்தும்படி கேட்டால், அதற்கு எம்மால் உடன்பட முடியாது.