டிங்கி: காய்ச்சல் இறங்கும் வேளை (பயணத்தில் கேட்கும் மீள்பார்வைப் பதிவு)

வாசித்துப் பதிவு செய்பவருக்கு:

தாதியர் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு, டிங்கி விரிவுரைக் குறிப்புகளின் ஒலி வடிவம் இது. வங்சா மாஜுவில் எல்.ஆர்.டி ஏறி யூனிவர்சிட்டி நிலையத்தில் இறங்குபவர்களுக்காக எழுதியது. பதிவு 12 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அப்போதுதான் ஒரே பயணத்தில் இரண்டு முறை கேட்க முடியும்.

அம்பாங் பார்க்கிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை ரயில் தரைக்கடியில் ஓடும். அங்கே இரைச்சல் அதிகம். இருபது, அறுபது, எழுபது எல்லாம் வால் மட்டும் கேட்டு ஒன்றுபோல் விழும். அதனால் முக்கியமான எண்களை இரண்டு முறை எழுதியிருக்கிறோம். இரண்டு முறையும் வாசியுங்கள். மௌனம் என்று குறித்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்து முழு நேரமும் விடுங்கள். வாசிப்பவருக்கு 6 விநாடி நீளமாகத் தெரியும். பதிலைத் தேடும் காதுக்கு அது போதாமல்கூட இருக்கும்.

குறிப்பில் இருந்த மூன்று அட்டவணைகளை எடுத்துவிட்டோம். அட்டவணையைக் காதால் பின்தொடர முடியாது. அதே விவரங்கள் நாள் வரிசையிலும் ஒரு நோயாளியின் எண்களிலும் வருகின்றன.

—

வணக்கம். இன்று டிங்கி. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறோம்: காய்ச்சல் இறங்கிவிட்டது, நோயாளி தேறிவிட்டாரா?

முதலில் நாள் கணக்கு. காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதல் நாள்; வார்டில் சேர்ந்த நாள் அல்ல. இதில் பிசகினால் பிறகு வரும் எல்லாமே பிசகும். நோயாளியிடம் "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் பதில் வரும். "எந்தக் கிழமை, காலையா மாலையா?" என்று கேளுங்கள்.

மூன்று கட்டங்கள். காய்ச்சல் கட்டம், ஆபத்துக் கட்டம், மீட்சிக் கட்டம்.

காய்ச்சல் கட்டத்தில் உடல்வலி, கண்ணுக்குப் பின்னால் வலி, முகச் சிவப்பு, வாந்தி. என்.எஸ்.1 பரிசோதனை இந்த முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். நாள் போகப் போக அதன் பிடி தளரும். ஐந்தாம் நாள் வாக்கில் ஐ.ஜி.எம் தலைகாட்டும். என்.எஸ்.1 நெகட்டிவ் என்பதற்காக டிங்கி இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது. ஏன்?

[மௌனம் 6 விநாடி]

இரைப்பையை அரித்து ரத்தக் கசிவைக் கூட்டும். பிளேட்லெட்டின் வேலையையும் கெடுக்கும். வலிக்கு ஊசி போடச் சொல்லி நோயாளி கேட்டாலும், தசை ஊசி வேண்டாம்.

இனி ஆபத்துக் கட்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். மறுபடியும்: மூன்றிலிருந்து ஏழு. காய்ச்சல் 38 டிகிரிக்குக் கீழே இறங்கும் அதே வேளையில் ரத்தக் குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்கும். பிளாஸ்மா வெளியே போகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே இருக்கின்றன. ரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டியை அளப்பதுதான் ஹெமட்டோகிரிட். கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். மறுபடியும்: 24 முதல் 48 மணி நேரம்.

எச்சரிக்கை அறிகுறிகளைத் தலையிலிருந்து கீழே இறங்கிச் சொல்லிப் பாருங்கள்.

[மௌனம் 10 விநாடி]

தலை: சோர்வு, அமைதியின்மை. வாய்: ஈறில் ரத்தம், ஓயாத வாந்தி. நெஞ்சும் வயிறும்: நீர் சேர்தல். வயிறு: வலி, தொட்டாலும் வலி, கல்லீரல் 2 சென்டிமீட்டருக்கு மேல் வீக்கம். கடைசியாக ஆய்வுக்கூடத் தாள்: ஹெமட்டோகிரிட் ஏற, பிளேட்லெட் சடசடவென்று இறங்குதல்.

இப்போது ஒரு நோயாளி. செந்தூலைச் சேர்ந்த 28 வயது ஆண். எடை 60 கிலோ. ஐந்தாம் நாள். காய்ச்சல் 37.2. "இன்று பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாமா?" என்கிறார். ரத்த அழுத்தம் 100க்கு 84. மறுபடியும்: மேலே 100, கீழே 84. ஹெமட்டோகிரிட் முதல் நாள் 40, இன்று 49. பிளேட்லெட் 42 ஆயிரம்.

இந்த எண்களில் எது உங்களை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும்?

[மௌனம் 10 விநாடி]

பலர் பிளேட்லெட் என்பார்கள். அதுதான் நோயாளியின் வீட்டாரும் தினம் கேட்கும் எண். ஆனால் இங்கே உயிருக்கு உலை வைப்பது வேறு. 100லிருந்து 84ஐக் கழியுங்கள். 16. மேலழுத்தத்துக்கும் கீழழுத்தத்துக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலை. மேலழுத்தம் 100 என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உடல் குழாய்களை இறுக்கி அந்த எண்ணைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

ஹெமட்டோகிரிட்? 40லிருந்து 49. ஒன்பது கூடியிருக்கிறது. 40இல் ஒன்பது, ஏறத்தாழ 22 சதவீதம். 20 சதவீத ஏற்றம் கசிவுக்குச் சான்று.

அவர் கையைப் பிடியுங்கள். உண்மையாகவே பிடியுங்கள், மானிட்டர் இதைச் சொல்லாது. நம் நாட்டு வார்டுகளில் இதற்கு சி.சி.டி.வி.ஆர் என்று பெயர். தோல் நிறம். நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பும் நேரம். 2 விநாடிக்கு மேல் போனால் கோளாறு. கையின் சூடு. நாடியின் நிறைவு. நாடியின் வேகம். நிறம், திரும்பும் நேரம், சூடு, நிறைவு, வேகம். அரை நிமிட வேலை.

இவருக்கு டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். 2009 உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலின்படி, அழுத்தம் விழாத அதிர்ச்சிக்கு ஐசோடோனிக் கிரிஸ்டலாய்டு, கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர், ஒரு மணி நேரத்தில். 60 கிலோவுக்கு எவ்வளவு?

[மௌனம் 8 விநாடி]

300 முதல் 600 மில்லிலிட்டர். அழுத்தம் விழுந்துவிட்டால் கணக்கு வேறு: கிலோவுக்கு 20 மில்லிலிட்டர், 15 நிமிடத்தில். ஒன்று மணியில், மற்றது நிமிடத்தில். தேர்வில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது சகஜம். வார்டில் மாற்றக் கூடாது.

சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லிலிட்டர் வர வேண்டும். இவருக்கு 30. "போகிறார்" என்று மட்டும் எழுதாதீர்கள். அளந்து எழுதுங்கள்.

அடுத்த சிக்கல். ஹெமட்டோகிரிட் 49லிருந்து 38க்கு இறங்குகிறது. நல்ல செய்தியா?

[மௌனம் 8 விநாடி]

கையைப் பிடிக்காமல் பதில் சொல்ல முடியாது. கை சூடாக, நாடி நிறைவாக, சிறுநீர் தாராளமாக இருந்தால், வெளியேறிய பிளாஸ்மா திரும்பி வருகிறது. மீட்சிக் கட்டம். அப்போது ஐ.வி நீரைக் குறைக்க வேண்டும். பழைய வேகத்திலேயே ஓடவிட்டால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். கை குளிர்ந்து நாடி ஓடினால், உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. அங்கே நீர் போதாது, ரத்தம் வேண்டும். ஒரே எண், நேரெதிர் வைத்தியம்.

பிளேட்லெட்டுக்குத் திரும்புவோம். ரத்தப்போக்கு இல்லாதவருக்கு எண் குறைவு என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவது வழக்கமான சிகிச்சை அல்ல. வீட்டார் பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்டால் எரிந்து விழாதீர்கள். என்ன குடித்தார், எவ்வளவு, வாந்தி எடுத்தாரா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, கசிவுக்கு மருந்து அளந்து கொடுக்கும் நீர்தான் என்று விளக்குங்கள்.

கடைசிக் கேள்வி. டிங்கி என்று சந்தேகம் வந்தவுடன், சிகிச்சையோடு சட்டப்படி செய்ய வேண்டியது என்ன?

[மௌனம் 6 விநாடி]

24 மணி நேரத்துக்குள் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், எண் 342. ஆய்வுக்கூட முடிவு வரட்டும் என்று காத்திருந்தால், நோயாளியின் வீட்டருகே புகையடிக்க வரும் குழுவும் காத்திருக்கும், கொசு காத்திருக்காது.

[மௌனம் 3 விநாடி. பதிவு முடிவு. இதே கோப்பு மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடும்படி அமைக்கவும்.]