அக்டோபர் மாத நிலவரம்: திங்களன்று அனுப்பியதற்குப் பதிலாக இது

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தைத் தள்ளிவையுங்கள். அதைப் படித்துவிட்டு உங்களில் ஒருவர் போன் செய்து, "எல்லாம் சரி தம்பி, கையில எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு?" என்று கேட்டார். கடிதத்தில் அது இல்லவே இல்லை. ஆகவே மறுபடி எழுதுகிறேன்.

பணம்: அக்டோபர் 31 அன்று வங்கியில் 72 லட்சம். மாதச் செலவு 12.4 லட்சம், வசூல் 3.4 லட்சம். மாதம் 9 லட்சம் கரைகிறது. இப்படியே போனால் 2026 ஜூன் கடைசி வரை தாங்கும். ஆனால் நாம் பில் போட்டது 4.1 லட்சம். போனஸ் கொடுத்த கையோடு சில முதலாளிகள் நம் பில்லை நவம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

வாடிக்கையாளர்கள்: நம் ஆப்புக்குப் பணம் கட்டும் பனியன் யூனிட்கள் 38-லிருந்து 43 ஆகியிருக்கின்றன. "எட்டுப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்" என்று முன்பு எழுதியது உண்மை. மூன்று பேர் விலகியதை எழுதாமல் விட்டதும் உண்மை. அதில் இருவர் அமெரிக்க ஆர்டருக்குத் தைப்பவர்கள். 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் அவர்களுக்கு வேலையே பாதியாகிவிட்டது. மூன்றாமவர் போனது நம் தவறால். டையிங் யூனிட்டில் நெட் போனதும் அவர் நம் ஆப்பில் பதிந்த சலான்கள் அழிந்துவிட்டன. எத்தனை பீஸ் வெளியே போனது என்று இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்தில் தேடினார். நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், திரும்பி வரமாட்டார்.

தவறியவை: இலக்கு 55, எட்டியது 43. அக்டோபர் 20 தீபாவளி. தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் திருப்பூரில் இரண்டு வாரம் மெஷின் ஓடாது. இது தெரிந்தே செப்டம்பரில் 55 என்று எழுதினேன். சந்தை மந்தம் என்று இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய தவறு: நெட் இல்லாமலும் வேலை செய்யும் வசதியைச் செப்டம்பரிலேயே முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். முடிக்கவில்லை. ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனம் கேட்ட ரிப்போர்ட்டுகளுக்காக இரண்டு டெவலப்பர்களையும் அங்கே திருப்பிவிட்டேன். ஆறு வாரம் ஆயிற்று. அவர்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, ஒரு ரூபாய் முன்பணமும் தரவில்லை. திங்கள் கடிதத்தில் இதைத்தான் "மிக முன்னேறிய பேச்சுவார்த்தை" என்று எழுதியிருந்தேன்.

உங்களிடம் கேட்பது:

உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும், 50 மெஷினுக்கு மேல் உள்ள பனியன் கம்பெனி முதலாளிகள் இருவரை அறிமுகப்படுத்துங்கள். லூதியானாவில் ஆள் தெரிந்தாலும் சரி, ரயில் ஏறிப் போகிறேன்.

ஆண்ட்ராய்டில் ஆஃப்லைன் வேலை செய்து பழகியவர் ஒருவர் மூன்று மாதத்துக்கு வேண்டும். மாதம் 1 லட்சம் வரை தரலாம். இது மேலே சொன்ன செலவில் சேரவில்லை.

அந்த ஏற்றுமதி நிறுவனத்திடம் நவம்பர் 15-க்குள் 3 லட்சம் முன்பணம் கேட்கப்போகிறேன். தராவிட்டால் அந்த வேலையை நிறுத்திவிடுவேன். இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்யுங்கள். சனிக்கிழமை காலை அவர்களைப் பார்க்கிறேன்.

நன்றி.