பராமரிப்புத் துறை அரையாண்டு நிதி அறிக்கை: மேலாளருக்கான சாரம்

மேலாளர் அவர்களுக்கு,

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியவற்றை அறிக்கையிலிருந்து எடுத்துத் தந்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் ஆயிரத்தில். அறிக்கையில் (270) என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால், ஒதுக்கீட்டைத் தாண்டி 270 செலவாகியிருக்கிறது என்று பொருள். குழப்பம் வராமலிருக்க அதை இங்கே +270 என்று மாற்றிவிட்டேன்.

| இனம் | ஒதுக்கீடு | செலவு | வேறுபாடு | அறிக்கை சொல்லும் காரணம் |
|---|---|---|---|---|
| சம்பளம் | 4,200 | 3,780 | −420 | இரண்டு பணியிடங்கள் காலி |
| மிகைநேர ஊதியம் | 300 | 465 | +165 | பணிச்சுமை |
| ஒப்பந்தப் பணிகள் | 900 | 1,170 | +270 | லிஃப்ட் பராமரிப்புக்கு ஆண்டுத் தொகை முன்கூட்டியே செலுத்தப்பட்டது |
| மின்சாரம் | 850 | 969 | +119 | எதுவும் இல்லை |
| உதிரி பாகங்கள் | 600 | 612 | +12 | எதுவும் இல்லை |
| பயிற்சி | 150 | 40 | −110 | ஒத்திவைக்கப்பட்டது |
| மொத்தம் | 7,000 | 7,036 | +36 | |

மொத்தத்தில் அரை சதவீதம்தான் கூடியிருக்கிறது. அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம் என்பதே என் கருத்து. ஆட்கள் இல்லாததால் மிஞ்சிய 420-தான் மற்ற இனங்களின் கூடுதல் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டியிருக்கிறது. பணியிடங்கள் நிரம்பியதும் அந்த மிச்சம் வளராது.

ஒப்பந்தப் பணிகளின் +270 பெரிதாகத் தெரிந்தாலும் அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. லிஃப்டுக்கான ஆண்டுத் தொகை 540. ஒதுக்கீடு அதை மாதம் 45 என்று பிரித்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு 270. ஆனால் 540-ம் முதல் மாதமே கட்டப்பட்டுவிட்டது. அடுத்த ஆறு மாதங்களில் இந்த வேறுபாடு தானாகவே நேராகிவிடும்.

மின்சாரம் அப்படியல்ல. 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் விளக்கம் தரப்படும் என்று அறிக்கையின் முதல் பக்கமே சொல்கிறது. இங்கே 14 சதவீதம் கூடியும் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. கட்டணம் உயர்ந்ததா, பயன்பாடு கூடியதா, முந்தைய ஆண்டின் பில் இதில் சேர்ந்ததா என்பதை நிதிப் பிரிவிடம் அவசியம் கேளுங்கள். உதிரி பாகங்கள் 2 சதவீதம்தான் என்பதால் அந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன, விட்டுவிடலாம்.

மிகைநேர ஊதியத்துக்குப் 'பணிச்சுமை' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். காலிப் பணியிடங்களின் வேலையை மற்றவர்கள் இழுத்துச் செய்வதால்தான் இது 55 சதவீதம் கூடியது என்று நான் ஊகிக்கிறேன். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை; ஆகவே கூட்டத்தில் கேள்வியாகவே வையுங்கள். பணியிடங்கள் எந்த மாதம் நிரம்பும் என்பதையும் கேட்டுவிடுங்கள், அந்தத் தேதி அறிக்கையில் எங்கும் இல்லை. பயிற்சி எப்போதைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அப்படித்தான். இந்த ஆண்டுக்குள்ளேயே நடந்தால் அந்த 110-ம் செலவாகிவிடும்.

நிதி ஒருங்கிணைப்பாளர்