ரெஃபரல் உதவி வேண்டும்: சாஃப்ட்வேர் டெஸ்டர், 3 வருட அனுபவம், சென்னை

அனைவருக்கும் வணக்கம். நான் பேமெண்ட்ஸ் டீமில் பேக்எண்ட் டெவலப்பர். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ப்ரொபேஷன் முடியும்வரை ரெஃபரல் போர்ட்டலில் என்னால் யாரையும் பரிந்துரைக்க முடியாது என்று ஹெச்ஆரில் சொல்லிவிட்டார்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

பழைய கம்பெனியில் என்னோடு இரண்டு வருடம் ஒரே டீமில் இருந்த முத்துலட்சுமிக்கு ஒரு ரெஃபரல் வேண்டும். க்ளையன்ட் ப்ராஜெக்டை நிறுத்தியதும் பதினோரு பேர் இருந்த டீமையே கலைத்துவிட்டார்கள். அவருடைய வேலையில் குறை என்று எதுவும் இல்லை. இம்மாதம் 28 அவருக்குக் கடைசி நாள். நோட்டீஸ் பீரியட் அதோடு முடிகிறது, மறுநாளே சேர முடியும். நம் லெண்டிங் டீமுக்கு 2 முதல் 4 வருட அனுபவத்தில் க்யூஏ இன்ஜினியர் தேவை என்று மூன்று நாளாகப் போர்ட்டலில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். அங்கே நாங்கள் செய்தது கடன் தவணை கட்டும் ஆப். யுபிஐ வழியாக இஎம்ஐ கட்டும் பகுதி என் கோடு. டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ் ஆகி, மறுநாள் ரிலீஸ். அன்று சாயங்காலம் முத்துலட்சுமி டெஸ்ட் போனை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். பின் நம்பர் போட்டுக் கதவு மூடியதும் சிக்னல் போய்விடும். வெளியே வந்தால் ஆப் ‘பணம் செலுத்த முடியவில்லை’ என்று காட்டும், டெஸ்ட் சர்வரிலோ டெபிட் பதிவாகியிருக்கும். மறுபடி அழுத்தினால் அதே தவணை இன்னொரு தடவை போகும். இருபது தடவை ஏறி இறங்கியதில் மூன்று தடவை இப்படி வந்தது.

நெட்வொர்க் பிரச்சினை, டிக்கெட்டை மூடிவிடலாம் என்றேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. மூன்று தடவைக்கும் ட்ரான்ஸாக்‌ஷன் ஐடி, நொடி வரை நேரம், சர்வர் லாக், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எல்லாம் ஜிராவில் இணைத்துவிட்டு, “அஞ்சாம் தேதி ஒருத்தருக்கு ரெண்டு தவணை போச்சுன்னா வீட்டு வாடகைக்கு என்ன பண்ணுவாங்க?” என்று மட்டும் கேட்டார். லாக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. டைம்அவுட் ஆனதைத் தோல்வி என்றே எழுதிவைத்திருந்தேன். பணம் போனதா இல்லையா என்று ஸ்டேட்டஸைத் திரும்பக் கேட்கவே இல்லை. மறுமுயற்சிக்குப் புது ஐடி வேறு உருவானது. ரிலீஸை இரண்டு நாள் தள்ளிவைத்துச் சரி செய்தோம்.

மேனுவல், ஆட்டோமேஷன் இரண்டும் செய்வார். ஜாவாவில் செலினியம், டெஸ்ட்என்ஜி. ஏபிஐக்குப் போஸ்ட்மேன், ரெஸ்ட் அஷ்யூர்டு. எஸ்க்யூஎல் எழுதி டேட்டாவைத் தானே சரிபார்த்துக்கொள்வார், நம்மிடம் வந்து நிற்கமாட்டார். எங்கள் ரிக்ரெஷன் ஸ்க்ரிப்டில் முன்பிருந்தவர்கள் திரும்பிய இடமெல்லாம் `Thread.sleep(5000)` போட்டு வைத்திருந்தார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டு `WebDriverWait` வைத்து எழுதினார். ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில் என்ற தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் லெவல் முடித்திருக்கிறார்.

தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் ப்ராஜெக்டில் செய்ததில்லை. ப்ளேரைட் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறார். இன்டர்வியூவில் முதல் பத்து நிமிடம் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவார், ஒரு ஸ்க்ரீனைக் கொடுத்து டெஸ்ட் செய்யச் சொன்னால் அப்புறம் நிறுத்த முடியாது.

படித்தது திருநெல்வேலியில், பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ். பிஇ இல்லை என்பதால் இரண்டு இடங்களில் ரெஸ்யூமேயைப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டார்கள். நான் ரெஃபரல் கேட்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். யாராவது ஒருவர் திறந்து படித்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். இப்போதைய சம்பளம் வருடத்துக்கு 5.2 லட்சம், எதிர்பார்ப்பது 7, பேசிக்கொள்ளலாம். மேடவாக்கத்தில் இருக்கிறார், சோழிங்கநல்லூர் ஆபீஸுக்கு வாரம் ஐந்து நாளும் வரத் தயார்.

கேரியர் பக்கத்தில் அவர் இன்னும் நேரடியாக விண்ணப்பிக்கவில்லை. அப்படிச் செய்தால் ரெஃபரல் கணக்கில் வராது என்பதால் நான்தான் காத்திருக்கச் சொன்னேன். ரெஸ்யூமேயை இந்தப் பதிவோடு இணைத்திருக்கிறேன். ஒருவர் போட்டாலே போதும். இரண்டு பேர் போட்டால் டூப்ளிகேட் ஆகிவிடும், அதனால் போடுவதற்கு முன் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். ‘இவரை எப்படித் தெரியும்’ என்ற இடத்தில் நேரில் பழக்கமில்லை, உடன் வேலை பார்த்தவர் சொன்னார் என்று உள்ளதை எழுதி என் பெயரைக் கொடுங்கள். யார் கூப்பிட்டாலும் பேசுகிறேன். லெண்டிங் டீமில் இருப்பவர்கள், மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் பெரிய உதவி. ஓப்பனிங் வெள்ளிக்கிழமை மூடுகிறது.