நர்ஸம்மாவுக்கு

ஞாயிறு, காலை 7 மணி

நர்ஸம்மாவுக்கு வணக்கம். மேலத்தெரு செல்வி எழுதுறேன், முந்திரி மண்டிக்குப் பக்கத்து வீடு. தலைப்பிரசவம், இது 35வது வாரம். போன் அவர்கிட்ட இருக்கு, நெய்வேலியில நைட் ஷிப்ட் முடிஞ்சு இன்னும் வரல. அதான் நாத்தனார் பையன்கிட்ட கொடுத்து அனுப்புறேன். வரி கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க, எழுத்து எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது.

கால் வீங்குறது போன மாசமே இருந்தது. ராத்திரி காலைத் தூக்கி வச்சுப் படுத்தா காலையில வத்திடும்னு சொன்னீங்க, அப்படியே வத்திச்சு. இது அப்படி இல்ல. மூணு நாளா கை வீங்குது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் மணிக்கட்டுல பதிஞ்சு நிக்குது, மோதிரத்தை நேத்து சோப்பு போட்டுத்தான் கழட்டினேன். இன்னைக்கு எழுந்து கண்ணாடி பார்த்தா இமையும் உப்பியிருக்கு.

தலைவலி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சது. நெத்தியில இடிக்குது. நீங்க கொடுத்த பாராசிட்டமால் ஒண்ணு போட்டேன், கேக்கல. நேத்து ராத்திரி அடுப்படியில நிக்கும்போது கண்ணு முன்னாடி மின்மினிப் பூச்சி மாதிரி பறந்துச்சு, அப்புறம் புகை போட்ட மாதிரி மங்கிப்போச்சு. இப்பவும் அப்பப்போ அப்படித்தான். மேல்வயித்துல, வலது விலாவுக்குக் கீழ, ஒரு வலி. பருப்பு சாப்பிட்ட வாயுவோன்னு நினைச்சேன், ஆனா ஏப்பம் விட்டும் போகல. மூத்திரமும் குறைச்சலாத்தான் போகுது. புள்ள அசையுது, ஆனா நேத்து ராத்திரி வழக்கத்தைவிடக் கம்மி.

அட்டையைப் பார்த்தேன். நாலாம் மாசத்துல பிரஷர் 110/70. பன்னெண்டு நாளைக்கு முன்னாடி நீங்க பார்த்தப்போ 130/84, மூத்திரத்துல புரதம் இல்லைன்னு எழுதியிருக்கு. அன்னைக்கே நீங்க மூஞ்சைச் சுளிச்சீங்க. “கை, முகம் வீங்கி, தலை வலிச்சு, கண் மங்கினா நாளைக்குன்னு வைக்காத”ன்னு அத்தை முன்னாடியே சொன்னீங்க.

அத்தைக்கு அது ஞாபகம் இல்ல. நீர் கோத்திருக்கு, பார்லி காய்ச்சிக் குடி, செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குத்தானே போறன்னு சொல்றாங்க. கெட்டவங்க இல்ல, மூணு புள்ள வீட்டுலயே பெத்தவங்க. ஆனா எங்க பெரியம்மாவுக்குப் பிரசவத்துல ஜன்னி வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அவங்களும் தலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்களாம், அம்மா சொல்லியிருக்கு. அதை நினைச்சுத்தான் ராத்திரி முழுக்கத் தூங்கல.

நீங்க வந்து பிரஷர் பார்க்கணும்னு கேட்கத்தான் பேனா எடுத்தேன். எழுத எழுத அதுக்குக்கூட நேரம் கடத்தக் கூடாதுன்னு தோணுது. பையன்கிட்டயே சொல்லிட்டேன்: நீங்க இல்லைன்னா நிக்காம டீக்கடையில போன் வாங்கி 108-க்குப் பேசணும். நீங்க இருந்தா நீங்களே கூப்பிட்டு, கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு விவரம் சொல்லிடுங்க. அத்தைகிட்ட உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா என்னோட கிளம்பிடுவாங்க.

அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், துணிப்பை எல்லாம் வாசல்ல எடுத்து வச்சாச்சு. இடது பக்கம் சாஞ்சு படுத்துக்கிட்டு இருக்கேன்.

செல்வி