தரக் கட்டுப்பாட்டு ஆய்வகப் பணிக்கு விண்ணப்பம்

காவேரிப்பட்டணம்,
10.03.2025

அனுப்புநர்:
மு. சங்கீதா, பி.எஸ்சி. (வேதியியல்),
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்,
மாம்பழக் கூழ் ஆலை,
பர்கூர் சாலை, கிருஷ்ணகிரி.

பொருள்: ஆய்வக கெமிஸ்ட் பணி – கேட்டிருக்கும் மதிப்பெண்ணுக்குக் குறைவாக இருந்தும் விண்ணப்பிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மாம்பழ சீசனுக்கு முன்பாக ஆய்வகத்துக்கு நிரந்தர கெமிஸ்ட் ஒருவர் தேவை என்று தங்கள் ஆலை வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தேன். பி.எஸ்சி. வேதியியலில் 55 சதவீதம், இரண்டு வருட அனுபவம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மதிப்பெண் 49 சதவீதம், மூன்றாம் வகுப்பு. அதிலும் நான்கு தாள்களை அரியர் வைத்துத்தான் முடித்தேன். அனுபவம் ஏழு சீசன். விண்ணப்பத்தைப் புரட்டும்போது தங்கள் கண்ணில் முதலில் படப்போவது மதிப்பெண் பட்டியல்தான். அதனால் அதைப் பற்றி முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரி ஒன்றில், 2015 முதல் 2018 வரை. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. கல்லூரியில் முதல் நாளிலிருந்தே பாடம் ஆங்கிலத்தில். பள்ளியில் ‘நடுநிலையாக்கல்’ என்று படித்ததும் கரும்பலகையில் எழுதியிருப்பதும் ஒன்றுதான் என்பது பிடிபடவே சில மாதங்கள் ஆயின. முதல் வருடம் துணைப் பாடமான கணிதம் போனது. இரண்டாம் வருடம் அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. வீட்டில் மாடு இரண்டு. காலையில் பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு, அங்கேயே பால் அளக்கும் வேலையும் பார்த்துவிட்டுப் பஸ் பிடித்தால் முதல் பீரியட் எப்போதும் பாதிதான். அந்த வருடம் துணைப் பாடமான இயற்பியலில் இரண்டு தாள்கள். மூன்றாம் வருடம் இயற்பிய வேதியியல். கணிதமும் இயற்பியலும் 2018 நவம்பருக்குள் முடிந்தன. இயற்பிய வேதியியலை மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டே படித்து 2019 நவம்பரில் எழுதித் தேறினேன். இப்போது அரியர் எதுவும் இல்லை. பட்டச் சான்றிதழ் கையில் இருக்கிறது.

வீட்டு நிலைமையைச் சலுகை கேட்பதற்காக எழுதவில்லை. எங்கள் வகுப்பில் இதைவிடக் கஷ்டப்பட்டு முதல் வகுப்பு வாங்கியவர்களும் இருந்தார்கள். பட்டியலில் இருக்கும் தேதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று தாங்கள் கேட்கக்கூடும், அதற்காகத்தான். அதே பட்டியலில் இன்னொன்றையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பருமனறி பகுப்பாய்வு செய்முறைத் தேர்வில் 100க்கு 82 வாங்கியிருக்கிறேன். பியூரெட்டைப் பிடித்த கை அப்போதும் சரியாகத்தான் இருந்தது. தேர்வுத்தாளில் எழுதத்தான் வரவில்லை.

2018 மே மாதம் மாவட்டத்தில் உள்ள ஒரு கூழ் ஆலையில் சீசன் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் பழம் தரம் பிரிக்கும் பெல்ட். அடுத்த வருடம் லேபில் உதவிக்கு ஆள் கேட்டார்கள், போனேன். 2020 சீசனிலிருந்து ஷிப்டில் தனியாக ரிப்போர்ட் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. சீசன் இல்லாத மாதங்களில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் டெஸ்டர் வேலை பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் பார்க்கும் வேலையை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ‘பிரிக்ஸ், பி.எச்., அசிடிட்டி தெரியும்’ என்று எல்லோருடைய விண்ணப்பத்திலும் இருக்கும்.

அமிலத்தன்மைக்கு 10 கிராம் கூழை எடுத்துத் தண்ணீரில் கரைத்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்ப்போம். பினால்ப்தலீன் போட்டால் கூழின் மஞ்சளில் இளஞ்சிவப்பு தெரிவதே கஷ்டம், குறிப்பாக அல்போன்சாவில். பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து அரை மில்லி வரை வித்தியாசம் வரும். அதனால் நான் பி.எச். மீட்டரை உள்ளே வைத்து 8.1 வரும்வரை சொட்டுச் சொட்டாக விடுகிறேன். 8.5 மில்லி இறங்கினால் 0.064ஆல் பெருக்கி 0.54 சதவீதம், சிட்ரிக் அமிலமாக. காரக் கரைசல் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பலம் குறைந்துகொண்டே போகும் என்பதால் அதை வாரம் ஒரு முறை ஆக்சாலிக் அமிலத்தை வைத்துச் சரிபார்த்து, வந்த நார்மாலிட்டியைப் பாட்டில் மேலேயே தேதியோடு எழுதி ஒட்டிவிடுவேன். மறு ஷிப்டுக்கு வருபவர் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

பிரிக்ஸ் பார்ப்பது சுலபம் என்பார்கள். ஒளிவிலகல்மானி 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது, மே மாதக் கிருஷ்ணகிரியில் லேப் 30 டிகிரிக்குக் குறையாது. தானாக வெப்பத்தைச் சரிசெய்யாத கைக்கருவியில் பெங்களூரா கூழ் 13.4 காட்டினால் உண்மையில் அது 14.2ஐ ஒட்டி இருக்கும், 30 டிகிரிக்குச் சுமார் 0.8 கூட்ட வேண்டும். 14 வேண்டும் என்று வாங்குபவர் கேட்டிருக்கும்போது அந்த 0.8ஐ விட்டுவிட்டால் நல்ல சரக்கை நாமே ஒதுக்கிவிடுவோம். ஒரு முறை இரவு ஷிப்டில் இப்படி ஒரு பேட்ச் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நான் காலையில் வந்து, காய்ச்சி வடித்த நீரில் பூச்சியம் பார்த்து, வெப்பநிலையைக் குறித்துத் திரும்ப எடுத்தேன். லேப் சார் வந்து தானும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ரிஜிஸ்டரில் வெப்பநிலைக்கு என்று தனியாக ஒரு கட்டம் போட்டோம்.

பி.எச். மீட்டரைத் தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் 7, 4 என்ற இரண்டு பஃபரிலும் சரிபார்ப்பேன். உபயோகித்த பஃபரைப் பாட்டிலில் திரும்ப ஊற்ற மாட்டேன், மற்றவர் ஊற்றினாலும் விட மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்கூட உண்டு. எலக்ட்ரோடில் கூழ் படிந்தால் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கழுவிப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைப்பேன், காய்ச்சி வடித்த நீரில் வைப்பதில்லை. பஃபர் எப்படி வேலை செய்கிறது என்பது நான் தோற்ற இயற்பிய வேதியியல் தாளில் வந்த பெரிய கேள்வி. இரண்டாவது முறை அந்தப் பாடத்தை எடுத்தபோது மனப்பாடம் செய்யத் தேவையே இருக்கவில்லை.

பழம் வாங்கும் இடத்திலும் நின்றிருக்கிறேன். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, வெட்டினால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும் லோடு வரும். கல் வைத்துப் பழுக்க வைத்ததோ என்று உடனே சந்தேகம் வரும். கால்சியம் கார்பைடு உணவுப் பாதுகாப்பு விதிப்படி தடை செய்யப்பட்டது, எத்திலீன் வாயுவுக்கு மட்டும் 100 பி.பி.எம். வரை அனுமதி. பார்த்த மாத்திரத்தில் கார்பைடு என்று யாராலும் சொல்லிவிட முடியாது. நான் செய்வது, லோடின் மேல், நடு, அடி மூன்றிலும் பழம் எடுத்து வெட்டி, பிரிக்ஸ் பார்த்து, எண்ணைக் காட்டிப் பேசுவது. மண்டிக்காரரிடம் வாய்ச்சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. எண்ணைக் காட்டினால் பாதி நேரம் அவரே லாரியைத் திருப்பிக்கொள்வார்.

பால் நிலையத்தில் ஜெர்பர் முறையில் கொழுப்புப் பார்க்கிறேன். 10 மில்லி கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். பாலைக் குழாயின் சுவர் ஓரமாக மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கருகிப்போய்க் கொழுப்புத் தண்டில் கருந்துகள் நிற்கும், அளவு தெளிவாகத் தெரியாது. மாம்பழ ஆலைக்கு இது நேரடியாகத் தேவைப்படாது. ஆனால் அங்கே ஒரு புள்ளி வித்தியாசம் வந்தாலும் பால் ஊற்றியவர் கேனோடு வந்து எதிரில் நிற்பார். அவருக்குக் கருவியைக் காட்டிப் பதில் சொல்லிப் பழகியது எனக்கு எந்த ஆய்வகத்திலும் உதவும்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரியில் எனக்குத் தடையாக இருந்தது அதுதான். இப்போது வாங்குபவர் அனுப்பும் ஸ்பெசிபிகேஷனை யார் உதவியும் இல்லாமல் படித்து, பேட்ச் வாரியாகச் சி.ஓ.ஏ. தயார் செய்கிறேன். ஆடிட்டர் வந்தால் ஸ்டெரிலைசர் வெப்பநிலைப் பதிவையும் மெட்டல் டிடெக்டர் பதிவையும் எடுத்துக் காட்டி, கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறேன். இலக்கணம் சில இடத்தில் இடறும், விஷயம் இடறாது. எக்செல்லில் தினசரி ரிப்போர்ட்டும் வாராந்திர வரைபடமும் போடத் தெரியும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் பயிற்சி முடித்திருக்கிறேன்.

தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிர் ஆய்வில் மீடியா தயாரிப்பது, ஸ்வாப் எடுப்பது, கவுண்ட் எண்ணுவது வரை செய்திருக்கிறேன். முடிவைத் தனியாகக் கையெழுத்திட்டுக் கொடுத்ததில்லை. எச்.பி.எல்.சி. கருவியைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. தங்கள் பணிக்கு இவை முதல் நாளே தேவை என்றால் நான் பொருத்தமில்லை. சில மாதம் கற்றுக்கொள்ள இடம் கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.

49 சதவீதத்தை வைத்து என்னை ஒதுக்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். நேர்காணலுக்கு அழைத்தால் கேள்விகளோடு தங்கள் லேபில் இருக்கும் ஒரு கூழ் மாதிரியையும் கொடுங்கள். அதன் பிரிக்ஸ், பி.எச்., அமிலத்தன்மை மூன்றையும் தங்கள் கெமிஸ்ட் முன்னிலையில் எடுத்துத் தருகிறேன். தாங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். 55 சதவீதம் என்ற விதியைத் தளர்த்த முடியாது என்றால், இந்த சீசனுக்கு மட்டும் தற்காலிக கெமிஸ்டாக எடுத்து, முடிந்தபின் நிரந்தரத்தைப் பற்றி யோசித்தாலும் எனக்குச் சம்மதம்.

இரவு ஷிப்ட் பழக்கம்தான். சொந்த வண்டி இருக்கிறது. பால் நிலையத்தில் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும், ஏப்ரல் தொடக்கத்தில் சேர முடியும். கைபேசி எண் தன்விவரக் குறிப்பில் உள்ளது. பகலில் டெஸ்டிங் நேரம் என்பதால் மதியம் இரண்டு மணிக்குமேல் அழைத்தால் உடனே எடுப்பேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. சங்கீதா

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்களும் அரியர் தேர்ச்சிப் பட்டியல்களும், பட்டச் சான்றிதழ் நகல், கூழ் ஆலை, பால் நிலைய அனுபவச் சான்றுகள், ஃபாஸ்டாக் சான்றிதழ் நகல்.